தொழிலை விற்றாகிவிட்டது, போட்டித் தடை ஷரத்தும் ரகசிய ஷரத்தும் இன்னும் என்னைக் கட்டுப்படுத்துமா?

முன்னாள் பங்காளி

மூன்று பேர் சேர்ந்து ஒரு பார்ட்னர்ஷிப் நடத்தினோம். என் பங்கு 30 சதவீதம். ஆய்வகத் தராசு, வெப்பமானி, அழுத்தமானி போன்ற கருவிகளைப் பழுது பார்ப்பதும், காலிபரேஷன் செய்து சான்றிதழ் கொடுப்பதும்தான் வேலை. அடுத்தடுத்து இருக்கும் 4 மாவட்டங்களைத் தாண்டி நாங்கள் போனதே இல்லை. 2 வருடம் முன்பு பெயர், வாடிக்கையாளர், கருவிகள், ஆட்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டோம். ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி எழுதப்பட்டது.

அதில் இரண்டு ஷரத்துகள். முதலாவது: 5 வருடத்துக்கு, நாடு முழுவதும், "ஒத்த அல்லது தொடர்புடைய எந்தத் தொழிலிலும்" உரிமையாளராகவோ ஆலோசகராகவோ ஊழியராகவோ இருக்கக் கூடாது. இரண்டாவது: தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாத் தகவலும் ரகசியம், காலவரம்பு கிடையாது. என் பங்குத் தொகையில் 15 சதவீதத்தை 3 வருடத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஷரத்தை மீறாமல் இருந்தால்தான் அது கைக்கு வரும்.

விற்ற பிறகு அவர்களிடமே 18 மாதம் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். அந்த வேலை உத்தரவில் தனியாக ஒரு வரி: வேலையை விட்டபின் 2 வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது. 6 மாதம் முன்பு விலகினேன். இப்போது புதுக் கருவிகளை விற்கும் ஒரு நிறுவனம் என்னை விற்பனைக்குக் கூப்பிடுகிறது. அவர்களிடம் சிறிய சர்வீஸ் பிரிவும் உண்டு. இது எப்படியோ தெரிந்து, வாங்கியவர்களின் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். 20 வருடமாக எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். இந்த ஷரத்துகள் உண்மையிலேயே செல்லுமா?

துணிந்தவன்

பயப்படாதீர்கள் சார். ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27. ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் எதுவுமே செல்லாது. நான் வேலை மாறியபோதும் இப்படித்தான் நோட்டீஸ் அனுப்பினார்கள். பதில்கூடப் போடவில்லை, ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்காவிலேயே 2024-ல் நான்-காம்பீட்டை மொத்தமாகத் தடை செய்துவிட்டார்கள். தைரியமாகச் சேருங்கள்.

பார்கவி

முன்னாள் பங்காளி, தயவுசெய்து அந்த யோசனைப்படி நடக்காதீர்கள். நான் தொழில் விற்பனை ஒப்பந்தங்கள் எழுதும் வக்கீல். துணிந்தவன் சொன்னதில் பாதி சரி. அவருடையது ஊழியர் வழக்கு. உங்களுடையது விற்றவர் வழக்கு. சட்டம் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

பிரிவு 27-ன் முதல் வரி அவர் சொன்னதுதான். ஆனால் அதே பிரிவில் ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அது உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். ஒரு தொழிலின் குட்வில்லை விற்பவர், அதே மாதிரித் தொழிலை குறிப்பிட்ட எல்லைக்குள் நடத்த மாட்டேன் என்று வாங்குபவருக்கு எழுதிக் கொடுக்கலாம். வாங்கியவரோ, அவரிடமிருந்து குட்வில்லைப் பெற்றவரோ அங்கே அந்தத் தொழிலை நடத்தும் வரை அது செல்லும். எல்லை நியாயமானது என்று நீதிமன்றத்துக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

காரணம் எளிது. குட்வில் என்பது பழைய வாடிக்கையாளர் பழைய வாசலுக்கே திரும்பி வரும் பழக்கம். அதை விலைக்கு விற்றுவிட்டு, மறுநாள் எதிர்ப்பக்கம் இன்னொரு வாசலைத் திறந்தால் விற்ற பொருளையே திரும்ப எடுத்துக்கொண்டதாகிவிடும். அதனால் ஊழியரிடம் நீதிமன்றம் காட்டும் பரிவை விற்றவரிடம் காட்டுவதில்லை. ஊழியர் வாங்கியது சம்பளம். நீங்கள் வாங்கியது அந்தப் பழக்கத்தின் விலை.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் பார்ப்பதே இல்லை. உங்களுடையது பார்ட்னர்ஷிப். கூட்டாண்மைச் சட்டம் 1932, பிரிவு 55(3) இதே விஷயத்தைத் தனியாகச் சொல்கிறது: குட்வில்லை விற்கும்போது பங்குதாரர் ஒருவர் குறிப்பிட்ட காலத்துக்கு அல்லது குறிப்பிட்ட எல்லைக்குள் அதே மாதிரித் தொழில் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், கட்டுப்பாடு நியாயமானதாக இருக்கும் பட்சத்தில், பிரிவு 27 என்ன சொன்னாலும் அது செல்லும். அந்த "அல்லது" முக்கியம். அங்கே காலம் மட்டும் இருந்தாலே தொடக்கத்துக்குப் போதும். ஆகவே உங்கள் ஷரத்து பிரிவு 27-ல் செத்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் குட்வில் என்ற வார்த்தை இருக்கிறதா? 5 வருடம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது?

மேற்குக்கரை

அமெரிக்கா பற்றி ஒரு திருத்தம். நான் கலிபோர்னியாவில் 2 முறை தொழில் விற்றவன். 2024 ஏப்ரலில் மத்திய வணிக ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது உண்மை. ஆனால் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, அந்த ஆகஸ்ட்டில், டெக்சாஸில் உள்ள மத்திய நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அந்த விதியிலேயே தொழிலை உண்மையாக விற்பவரின் போட்டித் தடைக்கு விலக்கு இருந்தது. அதாவது ஊழியருக்காகக் கொண்டுவந்த விதிகூட விற்றவரைத் தொடவில்லை.

கலிபோர்னியாவில் ஊழியர் போட்டித் தடை அறவே செல்லாது. உலகத்திலேயே கடுமையான இடங்களில் ஒன்று. அப்படிப்பட்ட இடத்திலும் குட்வில்லை விற்றவருக்கு விதிவிலக்கு இருக்கிறது; சட்டத்தில் 16600 தடை, அடுத்த எண் 16601 விலக்கு. பார்கவி சொன்ன இந்திய வாசகத்தைப் படித்தபோது இரண்டும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி இருந்தது.

பார்கவி

அப்படித்தான். இரண்டும் நியூயார்க்குக்காக டேவிட் டட்லி ஃபீல்ட் எழுதிய சட்ட வரைவிலிருந்து வந்தவை. அந்த வரைவு நியூயார்க்கில் சட்டமாகவில்லை. ஆனால் 1872-ல் கலிபோர்னியாவும் இந்தியாவும் அதை எடுத்துக்கொண்டன. இங்கிலாந்தில் அந்த மாதிரி எழுத்துச் சட்டம் கிடையாது, எல்லாம் தீர்ப்பு வழி வந்தது. அதனால் அங்கே ஊழியர் மீதான தடையும் நியாயமாக இருந்தால் செல்லும். இந்தியாவில் வேலையை விட்டபின் தடை செல்லாது. வேலையில் இருக்கும் காலத்துக்கு மட்டும் செல்லும் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் கோலிகரி வழக்கில் பிரித்துச் சொல்லிவிட்டது.

இளவரசன் க

எனக்கும் இதே பிரச்சினைதான். எங்கள் கம்பெனியைப் போன மாதம் வேறு ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். சேரும்போது பழைய முதலாளியிடம் ரகசிய ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தேன். முதலாளியே மாறிவிட்டதால் அது ரத்துதானே? இப்போது வேறு இடத்தில் சேரலாமா?

பார்கவி

இளவரசன், உங்களுடையது வேறு கேள்வி. நீங்கள் எதையும் விற்கவில்லை. உங்களுக்குக் கொஞ்சம் சுருக்கமாகவே சொல்கிறேன்.

கம்பெனியின் பங்குகள் மட்டும் கைமாறியிருந்தால், உங்கள் முதலாளி அதே கம்பெனிதான். ஒப்பந்தம் அப்படியே ஓடுகிறது. தொழிலை மட்டும் பிரித்து வேறு கம்பெனிக்கு மாற்றியிருந்தால், உங்கள் வேலை ஒப்பந்தத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் தூக்கிக் கொடுக்க முடியாது. புது உத்தரவில் கையெழுத்துக் கேட்டார்களா என்று பாருங்கள். கேட்காவிட்டாலும், நம்பிக்கையில் உங்களிடம் சொன்ன ரகசியம் பொதுச் சொத்தாகிவிடாது; அதைப் பாதுகாக்கும் கடமை காகிதம் இல்லாமலும் உண்டு. வேறு வேலையில் சேர்வது தனி விஷயம். இந்தியச் சட்டம் என்றால் சேரலாம்.

முன்னாள் பங்காளி

பார்கவி, ஒப்பந்தத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். "குட்வில் உட்பட நடப்புத் தொழில் முழுவதும்" என்று இருக்கிறது. 5 வருடம் விற்பனைத் தேதியிலிருந்து. ஆனால் அடியில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது, நேற்றுத்தான் கண்ணில் பட்டது: "அல்லது விற்பவர் வாங்குபவரிடம் வேலையை விட்டு விலகிய தேதியிலிருந்து 4 வருடம், இதில் எது பிந்தியதோ அது." அப்படியானால் மீதம் 3 வருடம் இல்லை, மூன்றரை.

ஓய்வுபெற்ற கணக்கர்

ஒப்பந்தத்தின் கடைசியில் இணைப்பு ஏதாவது இருக்கும், அதில் விலையை எதற்கு எவ்வளவு என்று பிரித்திருப்பார்கள். அதைப் பாருங்கள். "குட்வில் உட்பட" என்று உடலில் எழுதிவிட்டு, இணைப்பில் கருவி, நாற்காலி, வரவேண்டிய பாக்கி என்று மட்டும் போட்டு முழு விலையையும் தீர்த்திருந்தால் நிலைமை வேறு. குட்வில்லுக்கு ஒரு தொகை நின்றால் அது பேசும். போட்டியிடாமல் இருப்பதற்கென்றே தனித் தொகை போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அதற்கு வரி வேறு மாதிரி. 30 வருடம் இந்தக் காகிதங்களைப் பார்த்திருக்கிறேன், வக்கீல்கள் உடலைப் படிப்பார்கள், இணைப்பைப் படிப்பதில்லை.

வாங்கிய கை

நான் மறுபக்கம் இருந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் விற்றவர் மேல் இரக்கப்படுகிறீர்கள். நான் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தைக் கடன் வாங்கி வாங்கினேன். 4 மாதத்தில் விற்றவர் தன் மனைவி பெயரில் அதே தொழிலைத் தொடங்கிவிட்டார். எங்கள் ஒப்பந்தத்தில் 3 வருடப் போட்டித் தடை இருந்தது. ஆனால் கணக்கர் ஐயா சொன்னது அப்படியே எனக்கு நடந்தது. ஒப்பந்தம் சொத்துப் பட்டியலாக இருந்தது: கணினி, மேசை, மென்பொருள் உரிமம், பெயர். குட்வில் என்ற சொல்லே இல்லை. அவர் வக்கீல் எழுந்து "என் கட்சிக்காரர் விற்றது சாமான்களை, குட்வில்லை அல்ல, ஆகவே விதிவிலக்கு பொருந்தாது" என்றார். போட்டித் தடையை வைத்து அவர் தொழிலை நிறுத்த நான் கேட்ட இடைக்கால உத்தரவு கிடைக்கவில்லை.

ரகசிய ஷரத்துதான் என்னைக் காப்பாற்றியது. ஒப்படைப்புக்கு முந்தைய இரவு அவர் வாடிக்கையாளர் பட்டியலைத் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பியிருந்தார். 212 பெயர். சர்வர் பதிவில் நேரம்கூட இருந்தது. அந்தப் பட்டியலில் 3 பெயர்கள் எழுத்துப் பிழையோடு இருந்தன, ஒன்று எப்போதோ சோதனைக்குப் போட்ட பொய் முகவரி. அவருடைய புது நிறுவனத்தின் முதல் அறிவிப்பு அந்தப் பொய் முகவரிக்கும் வந்தது, அதே எழுத்துப் பிழைகளோடு. நீதிபதி அதை 2 நிமிடம்கூடப் பார்க்கவில்லை, பட்டியலைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். தொழிலை நிறுத்த முடியவில்லை, ஆனால் என் வாடிக்கையாளர்களைத் தேடிப் போவது நின்றது.

முன்னாள் பங்காளி, நீங்கள் நேர்மையானவராகத் தெரிகிறீர்கள். ஆனால் உங்களிடம் வாங்கியவர் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் நினையுங்கள்.

முன்னாள் பங்காளி

நினைக்காமல் இல்லை அம்மா. அவர்களிடம் தகராறு செய்ய எனக்கு விருப்பமே இல்லை, அதனால்தான் சேருமுன் கேட்கிறேன்.

கணக்கர் ஐயா, இணைப்பு 3-ல் இருக்கிறது: கருவிகள் 22 சதவீதம், வரவேண்டியவை 13 சதவீதம், குட்வில் 65 சதவீதம். போட்டித் தடைக்குத் தனித் தொகை இல்லை.

ஓய்வுபெற்ற கணக்கர்

அப்படியானால் குட்வில்லை விற்கவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது.

பார்கவி

அந்த 65 சதவீதம் முதல் கதவை மூடிவிட்டது. இனி கேள்வி ஷரத்து செல்லுமா என்பதல்ல, எவ்வளவு தூரம் செல்லும் என்பதுதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். "நாடு முழுவதும்" என்று கேட்டவுடன் அநியாயம் என்று தோன்றும், ஆனால் அளவுகோல் கிலோமீட்டர் அல்ல. விற்ற தொழில் எவ்வளவு தூரம் பரவியிருந்ததோ அதுதான் அளவு. இங்கிலாந்தில் 1894-ல் நார்டன்ஃபெல்ட் வழக்கில் 25 வருடம், உலகம் முழுவதும் என்ற தடையைப் பிரபுக்கள் சபை செல்லும் என்றது. அவர் விற்றது பீரங்கி, வெடிமருந்துத் தொழில். வாடிக்கையாளர்கள் உலகெங்கும் உள்ள அரசாங்கங்கள். கடையே உலகம் முழுக்க இருந்தது, அதனால் தடையும் உலகம் முழுக்க. உங்கள் தொழில் 4 மாவட்டத்தில். அந்த 4 மாவட்டத்துக்குள் தடையை எந்த நீதிமன்றமும் நியாயம் என்றே சொல்லும். வெளியே உள்ளது வாங்கியவர் தன்னுடைய மற்றத் தொழிலைக் காத்துக்கொள்ளப் போட்ட வேலி, நீங்கள் விற்ற குட்வில்லுக்குப் போட்டது அல்ல.

சரி, நீதிமன்றமே அதை 4 மாவட்டமாகச் சுருக்கிக் கொடுக்குமா? ஒப்பந்தத்தில் "4 மாவட்டம், மாநிலம், நாடு" என்று தனித்தனியாக அடுக்கியிருந்தால் மிகையானதை அடித்துவிட்டு மீதியை வைக்கலாம். வெறுமே "நாடு முழுவதும்" என்று மட்டும் இருந்தால் நீதிபதி புது வாசகம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குப் பொதுவாகத் தயங்குவார்கள். வாங்கியவருக்கு இங்கே ஆபத்து இருக்கிறது. ஆனால் பிரிவு 55(3)-ல் காலம் இருப்பதால் அவருக்கு ஒரு பிடியும் இருக்கிறது.

அதே நார்டன்ஃபெல்ட் ஒப்பந்தத்தில் இன்னொரு பகுதியும் இருந்தது: கம்பெனி செய்யும் எந்தத் தொழிலோடும் எந்த வகையிலும் போட்டியிடக் கூடாது என்று. அது மிகை என்று கழற்றப்பட்டது. உங்கள் "தொடர்புடைய" என்ற சொல்லும் அதே மாதிரிதான். நீங்கள் விற்றது பழுது பார்ப்பதும் காலிபரேஷனும். புதுக் கருவி விற்றதில்லையே? அப்படியானால் விற்பனை என்பது "தொடர்புடைய"வில் வருமே தவிர "ஒத்த"வில் வராது. அந்த ஒரு சொல்லை அடித்தாலும் வாக்கியம் நிற்கிறது.

அப்புறம் "ஊழியராகவோ" என்பது. பிரிவு 27-ன் விதிவிலக்கும் சரி, 55(3)-ம் சரி, தொழிலை நடத்துவதைப் பற்றித்தான் பேசுகின்றன. இன்னொருவரிடம் சம்பளத்துக்குப் போவது நடத்துவதாகுமா? சின்ன நிறுவனத்தில் பெயருக்கு ஊழியர், உள்ளே எல்லாமே அவர்தான் என்றால் நீதிமன்றம் ஆளைப் பார்க்கும், பட்டத்தைப் பார்க்காது. உண்மையான விற்பனை வேலை என்றால் உங்கள் பக்கம் நல்ல வாதம் இருக்கிறது. உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

துணிந்தவன்

சரி, விதிவிலக்கை நான் கவனிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த "வேலையை விட்டதிலிருந்து 4 வருடம்" என்ற வரி? அது ஊழியர் தடைதானே? விற்பனை ஒப்பந்தத்துக்குள் ஒளித்து வைத்தால் மட்டும் செல்லுமா? வேலை உத்தரவில் உள்ள 2 வருடமும் அதே மாதிரிதானே?

பார்கவி

நல்ல கேள்வி. இதில் நான் உங்களோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். வேலை உத்தரவில் உள்ள 2 வருடம் செல்லாது, அதில் சந்தேகமில்லை. வேலை முடிந்தபின் தடை செல்லாது என்று பெர்செப்ட் வழக்கில் 2006-லும் உச்ச நீதிமன்றம் சொன்னது.

விற்பனை ஒப்பந்தத்துக்குள் உள்ள 4 வருட வால் அவ்வளவு எளிதல்ல. வாங்கியவர் சொல்வார்: இவர் 18 மாதம் என் உள்ளேயே இருந்து அதே வாடிக்கையாளர்களைப் பார்த்தார், ஆகவே குட்வில் உண்மையாக என் கைக்கு மாறியது இவர் விலகிய பிறகுதான், கடிகாரம் அங்கிருந்துதான் ஓட வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எதிர்வாதம்: 10 வருடம் வேலை பார்த்திருந்தால் தடை 14 வருடம் நீளும், அது விற்ற குட்வில்லுக்கு விலை அல்ல, ஆளைக் கட்டிப் போடும் கயிறு. எனக்கு இரண்டாவது வலுவாகத் தெரிகிறது. உங்கள் விஷயத்தில் வித்தியாசம் 6 மாதம்தான் என்பதால் நீதிபதி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமலும் போகலாம்.

மேற்குக்கரை

ஒரு சந்தேகம். பிரிவு 27-ல் வாங்கியவர் அங்கே தொழில் நடத்தும் வரை என்று இருக்கிறதே, எங்கள் 16601-லும் உண்டு. என் இரண்டாவது விற்பனையில் வாங்கியவர் ஒன்றரை வருடத்தில் அந்தப் பிரிவையே மூடிவிட்டார். அதோடு என் தடையும் முடிந்தது. முன்னாள் பங்காளியிடம் வாங்கியவர் 4 மாவட்டத்திலும் இன்னும் இருக்கிறாரா?

முன்னாள் பங்காளி

இதை நான் யோசிக்கவே இல்லை. 2 மாவட்டத்தில் போன வருடமே கிளையை மூடிவிட்டார்கள். அங்குள்ள வாடிக்கையாளர்களிடம் இனி வர முடியாது என்று கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தின் வரைவை எழுதியதே நான்தான்.

பார்கவி

அந்த 2 மாவட்டத்தில் பிரிவு 27-ன் விதிவிலக்கு அவர்களுக்குத் துணை நிற்காது என்பது என் கருத்து. ஆனால் 55(3)-ல் அந்த "நடத்தும் வரை" என்ற வாசகம் இல்லை. அங்கே நியாயமா என்ற கேள்விக்குள் அதைக் கொண்டுவர வேண்டும்: நடத்தாத தொழிலைக் காக்க எதற்குத் தடை? வாடிக்கையாளர் யாரிடமாவது அந்தக் கடிதத்தின் நகல் இருந்தால் பயன்படும். ஆனால் நிறுவனத்தின் கோப்பிலிருந்து நீங்கள் எடுத்து வைத்த நகலைக் காட்டாதீர்கள். அதுவே ரகசிய ஷரத்தில் உங்களை மாட்டிவிடும்.

ரகசிய ஷரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களுக்கு உண்மையான ஆபத்து அங்கேதான். போட்டித் தடை முழுவதுமாக விழுந்தாலும் இது தனியாக நிற்கும். இதற்குப் பிரிவு 27 தடையல்ல. உங்களைத் தொழிலிலிருந்து நிறுத்தவில்லை, அவர்களுடைய பொருளை எடுக்காதே என்றுதான் சொல்கிறது. விற்ற அன்றே அந்தத் தகவல் அவர்களுடையதாகிவிட்டது, 20 வருடம் நீங்களே சேர்த்ததாக இருந்தாலும்.

ஆனால் "எனக்குத் தெரிந்த எல்லாம்" என்று எழுதினால் எல்லாமும் ரகசியம் ஆகிவிடாது. தராசை எப்படிக் காலிபரேட் செய்வது என்பது உங்கள் கைத்திறன், அதை யாரும் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. ஒரு ஆலை இருக்கிறது, அங்கே தராசுகள் உண்டு என்பது ஊரறிந்தது. எந்த ஆலையின் எந்தக் கருவிக்கு எந்த மாதம் சான்றிதழ் காலாவதியாகிறது, அவர்களுக்கு என்ன விலையில் வருட ஒப்பந்தம், யாரிடம் பேசினால் கையெழுத்தாகும்: இது ரகசியம். உங்கள் தொழிலில் அந்தக் காலாவதித் தேதிகள்தான் தங்கம் என்று நினைக்கிறேன். சரியாக அந்த மாதத்துக்கு முந்தைய வாரம் நீங்கள் போய் நின்றால், எங்கிருந்து தெரிந்தது என்று நிரூபிக்க வேண்டிய நெருக்கடி உங்களுக்கு வந்துவிடும்.

முன்னாள் பங்காளி

காலாவதித் தேதி பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் தொழிலே அந்த ஒரு விரிதாள்தான். பெரும்பாலான கருவிகளுக்கு வருடம் ஒருமுறை. முக்கியமான 40 வாடிக்கையாளர்களின் மாதம் எனக்கு மனப்பாடம். மனதில் இருப்பதை என்ன செய்வது?

வாங்கிய கை

மனதில் இருந்தாலும் விற்ற பொருள்தானே? நான் அந்தத் தேதிகளுக்குத்தான் விலை கொடுத்திருப்பேன்.

பார்கவி

இதில் ஒரே கோடு போட முடியாது. கோப்பாக எடுத்துச் செல்வது தவறு என்பது தெளிவு. எடுத்துச் செல்வதற்காகவே மனப்பாடம் செய்வதும் அப்படித்தான். வேலையின் போக்கில் தானாக மனதில் தங்கியதை ஊழியரிடம் பெரும்பாலும் கேட்க முடியாது. விற்றவரிடம் கொஞ்சம் கூடவே கேட்கலாம், அவர் அதற்கு விலை வாங்கியிருக்கிறார். பழைய வாடிக்கையாளரை வலியத் தேடிப் போய் அழைப்பது வேறு. போட்டித் தடை ஷரத்தே இல்லாவிட்டாலும் குட்வில் விற்ற பங்குதாரர் அதைச் செய்யக் கூடாது என்று 55(2) சொல்கிறது. இங்கிலாந்தில் 1896-ல் டிரெகோ வழக்கிலும் அதே தீர்ப்பு. பொதுவாக விளம்பரம் செய்யலாம், அவர்களாக வந்தால் பேசலாம். ஆனால் உங்களுக்கு ஒப்பந்தத் தடையும் இருப்பதால் அந்தச் சுதந்திரமும் 5 வருடத்துக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கட்டாயம்: நோட்டீஸ் வந்தபின் எதையும் அழிக்காதீர்கள். பழைய மடிக்கணினி, கைபேசி, மின்னஞ்சல் எதிலாவது கோப்பு இருந்தால் உங்கள் வக்கீல் மூலம் பட்டியல் போட்டு ஒப்படையுங்கள். பயத்தில் அழித்தால் சாட்சியத்தை அழித்தவராகிவிடுவீர்கள்.

இளவரசன் க

நிறுத்தி வைத்த 15 சதவீதம் என்ன ஆகும்? அதைத்தான் யாரும் சொல்லவில்லை.

பார்கவி

இளவரசன் சரியான இடத்தைத் தொட்டார். நடைமுறையில் சண்டை அதில்தான் முடியும். வாங்கியவர் நீதிமன்றத்துக்கே போக வேண்டியதில்லை, பணத்தைக் கொடுக்காமல் இருந்தால் போதும்; வழக்குப் போடும் சுமை உங்கள் தலையில்.

இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் 2015-ல் மக்டெஸ்ஸி வழக்கில் இதையே பார்த்தது. விளம்பர நிறுவனத்தின் பங்கை விற்றவர் போட்டித் தடையை மீறினார், பின்னால் வரவேண்டிய தவணைகளை இழந்தார். அது அபராதம் அல்ல, விசுவாசத்தோடு வரும் குட்வில்லுக்கு ஒரு விலை, விசுவாசம் இல்லாத குட்வில்லுக்குக் குறைந்த விலை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் பிரிவு 74 இருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டும் கிடைக்கும். உங்கள் 15 சதவீதம் அபராதமா, விலையின் நிபந்தனைப் பகுதியா என்பதில்தான் முழு வாதமும். வாசகத்தைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

துணிந்தவன்

அப்படியென்றால் ஷரத்து பாதி செல்லாததாக இருந்தாலும் பணம் போய்விடுமா? அது எப்படி நியாயம்?

பார்கவி

செல்லாத பகுதியை மீறியதற்காகப் பணத்தை நிறுத்த முடியாது என்பது என் நிலை. எதிர்த்தரப்பு வக்கீல் ஒத்துக்கொள்ள மாட்டார்.

முன்னாள் பங்காளி

12 நாள் கழித்து எழுதுகிறேன். ஒரு வக்கீலைப் பார்த்தேன், இந்த இழையை அச்செடுத்துக் கொண்டு போனேன். புது நிறுவனத்திடம் பேசி வேலை உத்தரவை மாற்றி எழுத வைத்தோம்: புதுக் கருவி விற்பனை மட்டும், சர்வீஸ் பிரிவோடு எந்தத் தொடர்பும் இல்லை, 4 மாவட்டத்துக்கும் வெளியே. கையெழுத்துப் போடுமுன் அந்த உத்தரவையே வாங்கியவர்களுக்கு அனுப்பி, ஆட்சேபம் என்ன என்று கேட்டோம்.

பதில் நேற்று வந்தது. விற்பனை வேலைக்கு ஆட்சேபம் இல்லை என்கிறார்கள். 2 மாவட்டத்தை விட்டுத்தர மாட்டார்கள், மூடியது தற்காலிகமாம். 4 வருட வாலையும் விடவில்லை. 15 சதவீதம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வருடம் அதற்கான தேதி வரும்போது மறுபடி சண்டை வரும் என்று வக்கீல் சொல்கிறார்.

பழைய மடிக்கணினியில் 2 விரிதாள் கிடந்தது, ஒன்று அந்தக் காலாவதித் தேதிப் பட்டியலேதான், விற்பதற்கு முந்தைய வருடத்தது. அழிக்கவில்லை. வக்கீல் முன்னால் பெட்டியில் வைத்து முத்திரை போட்டு, இன்று காலை அனுப்பிவிட்டேன்.

வாங்கிய கை

பெட்டி போய்ச் சேர்ந்ததற்கு அவர்களிடம் எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், எந்தக் கோப்பு, எந்தத் தேதி என்ற விவரத்தோடு. எனக்கு அப்படி ஒரு பெட்டி வந்திருந்தால் நான் வழக்கே போட்டிருக்க மாட்டேன்.